'கட' என்று தொடங்குமா கடை?

'கடை' என்ற சொல் 'கட' என்று தொடங்குகிறதா? தமிழாசிரியரைக் கேட்டால் இல்லை என்பார். முதலெழுத்து க, இரண்டாமெழுத்து டை. இதில் 'ட' எங்கே வந்தது என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அதே கேள்வியைக் கணினியிடம் போட்டால் ஆமாம், தொடங்குகிறது என்று பதில் வரும். இரண்டு பதிலும் சரிதான். எது எழுத்து என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறு.

சும்மா பேசிப் பொழுதுபோக்கும் விஷயம் இல்லை இது. போனில் இரண்டு எழுத்து அடித்தவுடன் கீழே சொற்கள் வந்து நிற்கின்றன அல்லவா, அப்படிச் சொற்களைத் தேடிக் கொடுக்கப் பயன்படும் அமைப்புகளில் பழமையானது ஒன்று உண்டு. 'ட்ரை' என்று பெயர். சொற்பட்டியல் ஒன்றை மரமாக வரைவதுதான் அது. ரெனே டி லா பிரியாண்டே என்பவர் 1959-இல் இந்த யோசனையை எழுதினார். மறு ஆண்டு எட்வர்ட் ஃப்ரெட்கின் இதற்குப் பெயர் வைத்தார். தேடி எடுப்பதைக் குறிக்கும் 'ரிட்ரீவல்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து நான்கு எழுத்தை உருவிக்கொண்டார். அதன்படி 'ட்ரீ' என்றுதான் உச்சரிக்க வேண்டும். ஆனால் ட்ரீ என்றால் எந்த மரத்தையும் குறிக்குமே, குழப்பம் வரும் என்று பலரும் 'ட்ரை' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இதை வரைவது எளிது. அங்கே எழுத்து 26. எது ஓர் எழுத்து என்ற கேள்வியே எழாது. தமிழில் வரைய உட்கார்ந்தால் முதல் கோட்டிலேயே அந்தக் கேள்வி வந்து நிற்கும். ஆகவே தமிழிலேயே வரைந்து பார்ப்போம். சொற்கள் ஒன்பது: கடல், கடலை, கடன், கடை, கடைசி, கட்டு, கட்டில், கதவு, கதை.

முதலில் தமிழாசிரியர் வழியிலேயே போவோம். தாளின் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அது வேர். முதல் சொல் கடல். வேரிலிருந்து 'க', அதன் கீழே 'ட', அதன் கீழே 'ல்' என்று மூன்று கணுக்கள். சொல் அங்கே முடிகிறது என்பதற்கு 'ல்' பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அடுத்தது கடலை. வேரின் கீழே 'க' ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எழுத வேண்டாம். அதன் வழியே இறங்குங்கள். 'ட'-வும் இருக்கிறது, இறங்குங்கள். 'லை' இல்லை. அதை மட்டும் ஒரு புதிய கிளையாகப் போட்டு நட்சத்திரம் வையுங்கள். கடனுக்கு 'ன்' மட்டும் புதுசு. கடைக்கு 'க'-வோடு வழி பிரிந்துவிடுகிறது. அங்கிருந்து 'டை' தனிக் கிளை. இருக்கிற வழியில் இறங்குவது, வழி தீர்ந்த இடத்தில் புதுக்கிளை போடுவது, இந்த இரண்டே வேலைதான். ஒன்பது சொல்லும் முடிந்தபின் தாள் இப்படி இருக்கும்:

```
●
└─ க
   ├─ ட
   │  ├─ ல் *
   │  ├─ லை *
   │  └─ ன் *
   ├─ டை *
   │  └─ சி *
   ├─ ட்
   │  ├─ டு *
   │  └─ டி
   │     └─ ல் *
   ├─ த
   │  └─ வு *
   └─ தை *
```

ஒன்பது சொல்லையும் தனித்தனியே எழுதினால் 26 எழுத்து. இங்கே வேரை விட்டுவிட்டு எண்ணினால் 14 கணுக்கள். ஒன்பது தடவை எழுத வேண்டிய 'க' ஒரே தடவைதான் வந்திருக்கிறது.

இனித் தேடுவோம். கட்டில் இருக்கிறதா? வேரிலிருந்து க, பிறகு ட், டி, ல். நான்கு படி இறங்கியதும் நட்சத்திரம் இருக்கிறது. எனவே சொல் உண்டு. கடுகு இருக்கிறதா? 'க' இருக்கிறது. அதன் கீழே 'டு' இல்லை. இரண்டாவது படியிலேயே இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்றாம் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். பட்டியலில் ஒன்பது சொல் இருந்தாலும் ஒரு லட்சம் இருந்தாலும் கட்டிலைத் தேட நான்கு படிதான். படிகளின் எண்ணிக்கை சொல்லின் நீளத்தைப் பொறுத்தது, பட்டியலின் நீளத்தைப் பொறுத்தது அல்ல. அகர வரிசையில் அடுக்கிய ஒரு லட்சம் சொல்லில், நடுவில் திறந்து முன்னா பின்னா என்று பாதி பாதியாகக் கழித்துத் தேடினால் ஏறக்குறைய 17 தடவை சொல்லோடு சொல்லை ஒப்பிட வேண்டியிருக்கும்.

நட்சத்திரத்தை அலங்காரமாக நினைத்துவிடக் கூடாது. முதன்முதலாக இதை நிரலாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். 'கட்டி' என்று தேடிப் பாருங்கள். க, ட், டி என்று வழி இருக்கிறது, தடையில்லாமல் இறங்கிவிடலாம். ஆனால் 'டி'-யில் நட்சத்திரம் இல்லை. கட்டி என்பது நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் நம் பட்டியலில் இல்லை. வழி இருந்தால் போதும் என்று எழுதிய நிரல் கட்டியை 'உண்டு' என்று சொல்லிவிடும். பிழை இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை இதுவே: பட்டியலில் உள்ள ஒரு சொல்லின் வாலை நறுக்கி, பட்டியலில் இல்லாத துண்டாக்கி, அதைத் தேடுங்கள். உண்டு என்று பதில் வந்தால் நிரல் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. சொல்லை நீக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கடைசியை நீக்க 'சி'-யை வெட்டலாம். கடையை நீக்க 'டை'-யை வெட்டினால் கடைசியும் கூடவே போய்விடும். அங்கே அழிக்க வேண்டியது நட்சத்திரத்தை மட்டும்தான்.

ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் இவ்வளவு பாடு படத் தேவையில்லை. சொல்லைக் கணக்கிட்டு ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள அறையில் நேரே போய்ப் பார்க்கும் 'ஹாஷ்' முறை அதற்குப் போதும். பல நேரம் அதுதான் வேகமும்கூட. ஆனால் 'கட என்று தொடங்கும் சொற்கள் எவை?' என்ற கேள்விக்கு அந்த முறையில் விடை கிடையாது. கடலும் கடனும் அங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அறைகளில் கிடக்கும். மரத்திலோ, க, ட என்று இரண்டு படி இறங்கி நின்றுகொண்டு, அதற்குக் கீழே உள்ள நட்சத்திரங்களைப் பொறுக்கினால் போதும். கடல், கடலை, கடன்.

கடை வரவில்லை, கவனித்தீர்களா? கடைசியும் கட்டிலும்கூட வரவில்லை. அந்தத் தொல்லைக்குப் போகுமுன் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரை இடத்தை மிச்சப்படுத்தும் என்று பல பாடங்களில் எழுதியிருக்கிறது. மிச்சமாவது தாளில் மை. கணினியின் நினைவகத்தில் கதை வேறு. ஒவ்வொரு கணுவும் தன் கீழே என்னென்ன எழுத்து வரும் என்று குறித்துவைக்க வேண்டும். எந்த எழுத்து வந்தாலும் உடனே பாய்வதற்கு வசதியாக, தமிழின் 247 எழுத்துக்கும் ஒவ்வோர் அறை கட்டிவைக்கிறோம் என்று கொள்ளுங்கள். அறைக்கு 8 பைட். ஒரு கணுவுக்கே 1,976 பைட் ஆகிறது. வேரையும் சேர்த்து 15 கணுவுக்கு 29,640 பைட். ஒன்பது சொல்லையும் சாதாரணமாக யூனிகோடில் எழுதிவைத்தால் ஆவது 117 பைட்! கட்டிய 3,705 அறைகளில் ஆள் இருப்பது 14-இல். மற்றதெல்லாம் பூட்டிய வீடு.

இதற்கு மாற்றை 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே டி லா பிரியாண்டே சொல்லியிருந்தார். எல்லா எழுத்துக்கும் அறை வேண்டாம். உண்மையில் இருக்கும் கிளைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவை என்பது அவர் வழி. இடம் மிஞ்சும், ஆனால் ஒவ்வொரு கணுவிலும் அந்தச் சங்கிலியைத் துழாவ வேண்டும். 1968-இல் டொனால்ட் மாரிசன் இன்னொரு வழி சொன்னார். பிரிவே இல்லாமல் ஒற்றையாகத் தொங்கும் கணுக்களை ஒன்றாக்கிவிடலாம். நம் மரத்தில் 'டி'-யும் அதன் கீழ் 'ல்'-லும் சேர்ந்து 'டில்' ஆகும். 'த'-வும் 'வு'-வும் 'தவு' ஆகும். 14 கணு 12 ஆகிவிடும். 'டை', 'சி' இரண்டையும் ஒட்ட முடியாது. டையில் நட்சத்திரம் இருக்கிறது. ஒட்டினால் கடை காணாமல் போகும்.

இப்போது கணினியின் வழிக்கு வருவோம். யூனிகோடு தமிழுக்கு 247 எண் ஒதுக்கவில்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், 'க' போன்ற அகரமேறிய மெய்கள், பிறகு கால், கொம்பு, புள்ளி முதலான குறிகள், இவற்றுக்குத்தான் எண். 'டை' என்பது அங்கே ஓர் எழுத்தன்று. 'ட' என்ற எழுத்தும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. 'ல்' என்பது ல-வும் புள்ளியும். எனவே கடை = க, ட, ஐகாரக் குறி. கட்டு = க, ட, புள்ளி, ட, உகரக் குறி. கணினி இரண்டிலும் முதலில் பார்ப்பது க, ட. அதனால்தான் கடை 'கட' என்று தொடங்குகிறது என்று கூசாமல் சொல்கிறது.

அதே ஒன்பது சொல்லை இந்த வகையில் பிரித்தால் 39 குறியீடுகள். மரமாக வரைந்தால் 20 கணுக்கள். 'க'-வின் கீழே முன்பு ஐந்து கிளை இருந்தது; இப்போது 'ட', 'த' என்று இரண்டே கிளை. 'ட'-வின் கீழே நான்கு: ல, ன, ஐகாரக் குறி, புள்ளி. 'கட' என்று தேடினால் இப்போது கடல், கடலை, கடன் மட்டுமல்லாமல் கடை, கடைசி, கட்டு, கட்டில் எல்லாம் வரும். போனில் தட்டச்சு செய்கிறவருக்கு இதுதான் பிடிக்கும். 'கட' வரை அடித்தவர் அடுத்து ஐகாரம் போடப் போகிறாரா, புள்ளி வைக்கப் போகிறாரா என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் காட்டுவதுதான் நியாயம்.

ஆனால் இந்த மரத்திலும் ஓர் ஓட்டை. ஒருவர் கடல் என்று முழுதாக, புள்ளியும் வைத்து அடிக்கிறார். கடலை வருமா? வராது. ல-வின் கீழே புள்ளி ஒரு கிளை, ஐகாரக் குறி இன்னொரு கிளை. புள்ளி வைத்த கணமே கடலையின் வழி அடைபட்டுவிட்டது. கடலுக்குள் கடலை இருக்கிறது என்று நம் காது சொல்கிறது. முதல் மரமும் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டாவது மரமும் ஒப்புக்கொள்ளவில்லை.

காது சொல்வதை வரைய வேண்டுமானால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் இலக்கணமே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது: உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரிப்பது. கடல் = க், அ, ட், அ, ல். கடலை = க், அ, ட், அ, ல், ஐ. இப்படி ஒன்பதையும் பிரித்தால் மொத்தம் 47 ஒலிகள், சொற்கள் நீண்டுவிடுகின்றன. மரமோ 19 கணுவில் முடிந்துவிடுகிறது.

```
●
└─ க்
   └─ அ
      ├─ ட்
      │  ├─ அ
      │  │  ├─ ல் *
      │  │  │  └─ ஐ *
      │  │  └─ ன் *
      │  ├─ ஐ *
      │  │  └─ ச்
      │  │     └─ இ *
      │  └─ ட்
      │     ├─ உ *
      │     └─ இ
      │        └─ ல் *
      └─ த்
         ├─ அ
         │  └─ வ்
         │     └─ உ *
         └─ ஐ *
```

கடலின் 'ல்'-லுக்கு நேர் கீழே, ஒரே ஒரு படி இறங்கினால் கடலை. பின்னால் கடலோரத்தைச் சேர்த்தாலும் அதே 'ல்'-லின் கீழே 'ஓ' என்று கிளை விடும். வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லின் கடைசி மெய்யோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. கடலை, கடலில், கடலுக்கு எல்லாம் இந்த மரத்தில் கடலின் கீழேயே வந்து அமரும். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவருகிறது. அவர்கள் மூன்றாவது விசையைத் தட்டும்போது திரையில் 'கட்' என்றுதான் நிற்கும். இரண்டாவது மரம் அந்த இடத்தில் கட்டையும் கட்டிலையும் மட்டும் காட்டும். கடல் பக்கமே போகாது. ஒலி மரமோ 'க், அ, ட்' என்ற கணுவில் நின்று ஏழு சொல்லையும் காட்டும். என்னைக் கேட்டால் தமிழுக்கு இயல்பான மரம் இந்த மூன்றாவதுதான். எழுத்துக்கட்டத்தில் விளையாடும் சொல் விளையாட்டுக்கு மட்டும் முதல் மரத்தைத் தேர்வேன். அங்கே 'டை' என்பது ஒரே கட்டம், அதை உடைக்கக் கூடாது.

எந்த மரம் வரைந்தாலும் அடியில் ஒரு குழி இருக்கிறது. ஊர்ப்பெயர்கள் உள்ள கோப்பு ஒன்றை ஒருமுறை இப்படி மரமாக்கினேன். பொன்னேரியைத் தேடினால் இல்லை என்கிறது. கோப்பைத் திறந்தால் பொன்னேரி கண் முன்னாலேயே இருக்கிறது. அரைநாள் போனது. 'பொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான் காரணம். ப-வுடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. குறியீட்டை எண்ணினால் ஒன்றில் 8, மற்றதில் 9. மரம் பார்ப்பது குறியீட்டைத்தான், உருவத்தை அல்ல. அதற்கு இவை இரண்டும் வேறு வேறு வழி. மருந்து உண்டு. சொல்லை மரத்தில் ஏற்றும்போதும் தேடும்போதும், இரண்டு நேரத்திலும், ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யூனிகோடில் அதற்கு `NFC` என்று பெயர். பைத்தான் மொழியில் ஒரே வரி:

```python
word = unicodedata.normalize("NFC", word)
```

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை. இது தீர்க்காத பிழையும் ஒன்று உண்டு. 'கௌரவம்' என்பதை ஔகாரக் குறி போட்டு எழுதாமல், கெ-யையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து 'கெளரவம்' ஆக்கிவிடுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அங்கே இருப்பது உண்மையான ளகரம். `NFC` அதைத் தொடாது. அதை ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும், அல்லது ஔகாரத்துக்கென்று தனி விதி எழுத வேண்டும்.

இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கிய நிகண்டுகள் இருந்த காலத்தில், சிதம்பர ரேவண சித்தரின் 'அகராதி நிகண்டு' சொற்களை முதலெழுத்து வரிசையில் பிரித்துவைத்தது. ஒரே ஒரு படி ஆழமுள்ள மரம் என்று அதைச் சொல்லலாம். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தபோது வரிசை அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் நீண்டது.

அகராதியைத் தொட்டதால் ஒலி மரத்துக்கு மறுபடி ஒரு நிமிடம் வாருங்கள். கடலின் கீழே இருக்கும் அந்த 'ஐ'-யில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. நாம் அதை வைத்தது வறுத்துத் தின்கிற கடலைக்காக. 'கடலைப் பார்த்தேன்' என்பதில் வரும் கடலை என்ற உருபேற்ற சொல்லும் அதே ஆறு படி இறங்கி அதே நட்சத்திரத்தில்தான் வந்து நிற்கும். எது எதுவென்று இந்த மரத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் நட்சத்திரத்தின் பக்கத்தில் இரண்டு பொருளையும் நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.